கடை மேசையைப் புரட்டிப் பார்த்தல்

மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கடையில் அரைக் கிலோ சீனி வாங்கினால் என்னென்ன நடக்கிறது என்று ஒரு மாலை ஓரமாக நின்று எண்ணிப் பார்த்தேன். வந்த அக்கா "சீனி அரைக் கிலோ" என்று கேட்கிறார். கடைக்கார அண்ணன் திரும்புகிறார், சாக்கின் வாயைப் பிரிக்கிறார், அள்ளுகிறார், பையில் கொட்டுகிறார், தராசில் வைக்கிறார், கொஞ்சம் கூட்டிக் குறைக்கிறார், பையின் வாயை முடிகிறார், விலை சொல்கிறார், கொப்பியை எடுத்து அந்த வீட்டுப் பக்கத்தைத் தேடுகிறார், எழுதுகிறார். மொத்தம் பதினொரு காரியம். அதில் வாங்க வந்தவர் செய்தது ஒன்றுதான். மீதிப் பத்தும் மேசைக்கு அந்தப் பக்கம் நடந்தவை.

அப்போது அந்த அக்காவுக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். கொழுந்து மடுவத்தில் கடைசி நிறுவையை முடித்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே கடைக்கு வந்தவர்கள். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு ரொட்டி சுட வேண்டும். பத்துக் காரியத்தையும் ஒரே மனிதர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து செய்து முடிக்கும்வரை அத்தனை பேரும் நிற்கத்தான் வேண்டும். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் தோட்டத்துப் பக்கம் போகிற எவரும் இந்த நிற்பைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் யாரும் கேட்பதில்லை. கடை என்றால் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறோம்.

"அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிற இடங்களை ஒவ்வொன்றாக வாக்கியமாக எழுதி, அதைத் தலைகீழாக்கி, அப்படியும் ஒரு கடை நடக்குமா என்று பார்ப்பது தொழில் யோசனை தேடுபவர்களிடையே பழகிப்போன ஒரு முறை. "கடைக்கு மேசை வேண்டும்" என்று எழுதுவார்கள். "மேசை இல்லாத கடை" என்று மாற்றுவார்கள். பயிற்சி வகுப்புகளில் இந்த இடத்திலேயே எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும், சுவரெல்லாம் துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள். பெரும்பாலான யோசனைகள் அந்தச் சுவரிலேயே நின்றுபோவதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மேசை வெறும் பலகை அல்ல. அது பேசாமல் நாலைந்து வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. பலகையை எடுத்ததும் அந்த வேலைகள் அநாதையாகின்றன. அவற்றை இனி யார் செய்வது என்பதற்குப் பதில் கிடைத்தால்தான் புரட்டல் தொழிலாகும்.

மேசையை உண்மையிலேயே எடுத்துக் காட்டிய ஒருவரின் கதையில் இது தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்றொரு நகரம். அங்கே 1916 செப்டெம்பரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் "பிக்லி விக்லி" என்ற பெயரில் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தார். அதுவரை அந்த ஊரிலும் கடை நம் லயத்துக் கடை மாதிரித்தான். சரக்கெல்லாம் மேசைக்குப் பின்னால். வாங்க வந்தவர் கேட்பார், சிப்பந்தி எடுத்து நிறுத்துக் கட்டிக் கொடுப்பார், கணக்கில் எழுதிக்கொள்வார்கள், பல கடைகள் சாமானை வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுக்கும். சாண்டர்ஸ் அதை மாற்றி, வாங்க வந்தவரை உள்ளே விட்டார். கையில் கூடையோடு தட்டுகளுக்கு நடுவே நடந்து, வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று உலகம் முழுக்க இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளின் வேர்களில் ஒன்று அது.

ஆனால் "மேசையை எடுத்தார்" என்று சொல்லி முடித்துவிட்டால் விஷயம் நழுவிவிடும். மேசை செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலைக்கும் அவர் வேறொரு ஏற்பாடு செய்திருந்தார். மேசை காவல் காத்தது. அதற்குப் பதிலாக உள்ளே வர ஒரு சுழல் கதவு வைத்தார், வெளியே போக ஒரே ஒரு வழி விட்டார், அந்த வழியில் காசு வாங்குபவரை உட்கார வைத்தார். நடுவே பாதையைச் சுற்றுப் பாதையாக அமைத்ததால் எல்லாத் தட்டுகளையும் கடந்துதான் வெளியே வர முடியும். மேசைக்குப் பின்னால் நின்றவர் நிறுத்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக முன்கூட்டியே நிறுத்துக் கட்டிய பொட்டலங்கள் வந்தன. அவர் விலை சொன்னார், அதற்குப் பதிலாக ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதப்பட்டது. அவர் கடன் எழுதினார். சாண்டர்ஸ் கடனையே நிறுத்தி, கைக்காசுக்கு மட்டும் விற்றார், அதனால் விலையைக் குறைக்க முடிந்தது. இந்த அமைப்புக்கு 1917இல் காப்புரிமையும் பெற்றார். அந்தக் காப்புரிமைப் படத்தில் பார்க்க வேண்டியது பாதை, கதவு, தட்டு, காசு வாங்கும் இடம் எல்லாம் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும் விதம். அதில் ஒன்றை உருவினால் மற்றவை நிற்காது.

அதே மனிதர் பின்னால் ஒருமுறை சறுக்கினார், அதுவும் இதே புரட்டலில்தான். 1937இல் மெம்பிஸிலேயே "கீடூசில்" என்றொரு கடை திறந்தார். இந்த முறை சரக்கு மறுபடியும் மறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாதிரிக்கு ஒவ்வொன்று மட்டும் இருக்கும். வாங்க வந்தவர் கையில் ஒரு சாவி, வேண்டிய பொருளுக்கு நேரே இருக்கும் துளையில் அதைச் செருகினால், பின்கட்டிலிருந்து சாமான் இயந்திரப் பட்டையில் ஓடி வந்து சேரும். எடுத்துக்கொடுக்கும் ஆளும் இல்லை, எடுத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கூட்டம் சேரும் நேரத்தில் இயந்திரம் ஈடு கொடுக்கவில்லை, ஓயாமல் பழுதானது. மீண்டும் மீண்டும் முயன்று 1949இல் அதைக் கைவிட்டார். மேசைக்குப் பின்னால் நிற்கிற மனிதர் நெரிசலில் செய்கிற ஒரு வேலை அவருடைய பட்டியலில் விடுபட்டிருந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். ஒருவருக்கு அள்ளிக்கொண்டே இன்னொருவருக்கு விலை சொல்வது, அவசரக்காரரை முன்னால் விடுவது, கேட்டது இல்லையென்றால் வேறொன்றைக் காட்டுவது எல்லாம் அந்த மனிதர் செய்வது. அது எழுதப்படாத வேலை என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இனி நம்மூர் மேசைக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து லயத்துக் கடை மேசை செய்கிற வேலைகளில் காவல் பெரிய விஷயமே இல்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். நிறுப்பதும் கட்டுவதும் உண்டு. ஆனால் அந்த மேசையில் மிகக் கனமான பொருள் கொப்பிதான். மாதம் முழுக்க வாங்கி, பத்தாம் தேதியை ஒட்டிச் சம்பளம் கைக்கு வந்ததும் தீர்ப்பது என்பதே வழக்கம். இந்தக் கொப்பி வெறும் கணக்கு அல்ல. யாருக்காவது காய்ச்சல் வந்து, வேலைக்குப் போக முடியாமல் நாலு நாள் பேர் விழாமல் போனாலும் அந்த வீட்டில் ரொட்டி சுடப்படுவது கொப்பியால்தான். கடைக்காரருக்கோ, அந்த வீடு டவுனுக்கு ஓடிவிடாமல் தன்னிடமே வாங்கும் என்ற பிடிப்பைக் கொடுப்பதும் அதுதான்.

மலையகத்தில் கடன் காகிதத்துக்கு இந்தப் பிடிப்பு புதிதல்ல. ஒரு காலத்தில் தோட்டமே அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கங்காணிமார் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. இந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆட்களை எடுக்க வேண்டும். ஆளோடு கடனும் கைமாறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இன்றைய கடைக் கொப்பியை அதோடு ஒப்பிடுவது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம், அவரும் கடன்பட்டவர்தான். ஆனால் "கடன் மேலேயிருந்து கீழே வரும், கணக்கு கொடுப்பவர் கையில் இருக்கும்" என்ற எடுகோள் எவ்வளவு பழையது, ஏன் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

எடுகோள்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த முறையில் கடினமான பகுதி. உட்கார்ந்து யோசித்தால் அவை வருவதில்லை. ஒரு வியாபாரத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்து, வினைச்சொற்களை மட்டும் எழுதுவது உதவுகிறது. கேட்கிறார், அள்ளுகிறார், நிறுக்கிறார், எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு வினைக்கும் யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்டு முழு வாக்கியமாக்க வேண்டும். அந்தக் கடையைப் பார்த்து நான் எழுதியவற்றில் சில: ஆள்தான் கடைக்கு வர வேண்டும். சாமான் கேட்ட பிறகே நிறுக்கப்படும். ஒவ்வொரு வீடும் தனியாக, அன்றன்றைக்கு வேண்டியதை வாங்கும். கடன் கொடுப்பவர் கடைக்காரர். கொப்பி கடையில் இருக்கும். இவற்றில் கடைசி இரண்டையும் எழுதும்வரை எனக்கே அவை எடுகோள்களாகத் தெரியவில்லை. கடை என்றால் அப்படித்தானே என்றே இருந்தேன்.

"ஆள்தான் கடைக்கு வர வேண்டும்" என்பதைப் புரட்டியவர்கள் இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும் பாண் ஆட்டோவைத் தெரியாதவர் இல்லை. சூன் பாண் என்றும் சொல்வார்கள். பேக்கரிக்கு ஆள் போகத் தேவையில்லை, பேக்கரியே வரும். பெயர்ப் பலகையின் வேலையை அந்த இசை செய்கிறது. எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். அது நடப்பதற்குக் காரணம் சரக்கின் குணம். பாணும் பணிஸும் எண்ணி விற்கப்படுபவை, நிறுக்க வேண்டியதில்லை. விலை எல்லோருக்கும் தெரியும். சில்லறைக் காசுக்குள் முடியும். அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டியது என்பதால் தேடிப் போய் விற்பதில் அர்த்தம் இருக்கிறது.

அதைப் பார்த்து "அரிசி மா ஆட்டோ" ஒன்று விடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. ரோட்டிலிருந்து படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய லயத்துக்கு ஐந்து கிலோ அரிசியை யார் தூக்குவது, ஆட்டோக்காரர் கையில் யாருடைய கொப்பி இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு பொருளுக்குப் பொருந்திய புரட்டல் பக்கத்துப் பொருளுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதும் ஓர் எடுகோள்தான்.

நான் மேலே சொன்ன கடைக்கார அண்ணனிடம் நான்காவது வாக்கியத்தைக் காட்டினேன். "கடன் கொடுப்பது நீங்க இல்லாம, அவங்க உங்களுக்குக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

"என்னா தம்பி, எனக்கு யாரு கடன் குடுப்பா?" என்றார்.

"டவுன்ல ஹோல்சேல்காரர் குடுக்குறார்தானே?"

"அது வேற. அவருக்கு என்னைய விட்டா யாரு இருக்கா, எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தானே கொப்பியின் பின்பக்கத்தைப் புரட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

அந்தக் கணக்கைச் சுலபமான எண்களில் சொல்கிறேன். ஒரு வீடு மாதம் 12,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வையுங்கள். சம்பளத்தன்று கொப்பி பூச்சியத்தில் தொடங்கி, மாதக் கடைசியில் 12,000இல் நிற்கும். நாளுக்கு நாள் சமமாக வாங்கினால், சராசரியாக எந்த நாளிலும் 6,000 ரூபா அந்த வீட்டில் நிற்கிறது. பத்து வீடு என்றால் 60,000. அது கடைக்காரரின் பணம், அல்லது ஹோல்சேல்காரருக்கு அவர் கொடுக்க வேண்டிய பணம். இப்போது புரட்டுங்கள். பத்து வீடும் சம்பளத்தன்று அடுத்த மாதத்துக்கு முன்பணம் கட்டி, மாதம் முழுக்க அதில் கழித்து வாங்கினால், சராசரியாக 60,000 ரூபா கடைக்காரர் கையில் நிற்கும். அறுபதாயிரம் வெளியே நின்ற இடத்தில் அறுபதாயிரம் உள்ளே. வித்தியாசம் 120,000. அதே பத்து வீடு, அதே சாமான்தான், விலை ஒரு ரூபாகூட மாறவில்லை. மாறியது யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது மட்டும். அந்தப் பணத்தோடு ஹோல்சேல் கடைக்குப் போனால் கைக்காசு விலைக்குப் பேசலாம், சாக்காக எடுக்கலாம், குறைந்த விலையில் ஒரு பங்கை முன்பணம் கட்டிய வீட்டுக்குத் திருப்பலாம்.

காகிதத்தில் இவ்வளவு நன்றாக இருப்பது ஏன் நடப்பதில்லை? முதல் சம்பள நாளைப் பாருங்கள். அந்த வீடு போன மாதக் கொப்பியைத் தீர்க்க 12,000 கட்ட வேண்டும். அதே நாளில் வரும் மாதத்துக்கு இன்னொரு 12,000. எந்தத் தோட்டக் குடும்பத்தாலும் அது ஆகாது. கடனைத் திசை திருப்புகிற எந்த யோசனையும் விழுகிற பள்ளம் இதுதான். திரும்பிய பிறகு இரு தரப்புக்கும் நல்லது, ஆனால் திரும்புகிற மாதத்தை யாரும் தாங்க மாட்டார்கள்.

அதைத் துண்டு துண்டாகத்தான் கடக்க முடியும். முதல் சம்பளத்தன்று பழைய 12,000த்தோடு 3,000 மட்டும் கூடுதலாகக் கட்டினால் 15,000. அந்த மாதம் முதல் 3,000த்துக்குக் கழித்து வாங்கி, மீதி 9,000 கொப்பியில் ஏறும். அடுத்த சம்பளத்தன்று 9,000 தீர்த்து, 6,000 முன்பணம் என்றால் அதுவும் 15,000. மூன்றாம் தடவை 6,000மும் 9,000மும். நான்காம் தடவை 3,000மும் 12,000மும். நான்கு சம்பள நாளில் கூடுதலாக 3,000 வீதம் தாங்கினால், ஐந்தாவதிலிருந்து மறுபடி 12,000 தான், கொப்பி முழுக்கத் திரும்பியிருக்கும். அந்த 3,000த்துக்குத் தீபாவளி முற்பணத்தை எடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அது தோட்டத்திடம் வாங்கிச் சம்பளத்தில் மாதாமாதம் கழிபடுகிற கடன். கடைக் கடனைத் தோட்டக் கடனாக மாற்றுவது திருப்புவது ஆகாது. சீட்டு விழுகிற மாதத்தில் தொடங்குவது நல்லது. சீட்டுப் பிடிக்கிற அக்காமாருக்கு இந்த யோசனையை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் கட்டி, பிறகு எடுப்பது அவர்களுக்குப் பழக்கமானது. கடைக்காரரை நம்பிக் காசைக் கொடுக்கலாமா என்பது மட்டும்தான் அவர்களின் கேள்வி.

அண்ணன் நான்கு படியில் முதல் படியை மட்டும் எடுத்தார், அதுவும் ஆறு வீட்டோடு. கோதுமை மாவும் சீனியும் மட்டும் முன்பணம், வீட்டுக்கு மாதம் 3,000. மற்றதெல்லாம் பழையபடி கொப்பியில். இரண்டு பொருளோடு நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குத் தோன்றியிராதது. கடைக்குப் பெரும்பாலும் வருவது பிள்ளைகள். முன்பணம் எல்லாச் சாமானுக்கும் என்று வைத்தால், பிஸ்கட்டிலும் டொபியிலும் அது மாதம் பாதியில் கரைந்துவிடும், பழி கடைக்காரர் மேல் வரும். மாவையும் சீனியையும் எந்தப் பிள்ளையும் ஆசைக்கு வாங்காது.

கிலோவுக்குப் பத்து ரூபா குறைத்துக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மாற்றம் மாலை வரிசையில் தெரிந்தது. ஆறு வீட்டுக்கும் வாரத்துக்கு எவ்வளவு மா, எவ்வளவு சீனி என்பது முன்பே தெரியுமாதலால், கடை வெறிச்சோடிக் கிடக்கும் பகல் இரண்டு மணிக்கு நிறுத்துக் கட்டி வைத்துவிடுகிறார். மாலையில் அந்த வீட்டார் வந்தால் கேட்பது, கொடுப்பது, கழிப்பது என்று மூன்றே காரியம். சாண்டர்ஸ் பொட்டலத்தால் செய்ததை இவர் முன்பணத்தால் செய்தார். "சாமான் கேட்ட பிறகே நிறுக்கப்படும்" என்ற வாக்கியத்தை நாங்கள் தொடவே இல்லை, கடனைத் திருப்பியபோது அது தானாகப் புரண்டுகொண்டது. நல்ல புரட்டல் ஒன்றுக்கு இது ஓர் அடையாளம் என்று நினைக்கிறேன். ஒரு எடுகோளை அசைத்தால் அதில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொன்றும் அசைகிறது.

விலை பற்றி ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. முன்பணம் என்பது இத்தனை கிலோ மாவா, இத்தனை ரூபாவா? கிலோவாக வாக்குக் கொடுத்தால் வீட்டுக்கு நிம்மதி, விலை ஏறினாலும் கவலையில்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே ஆண்டில் ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்ததை நாம் எல்லோரும் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். அப்படியொரு காலத்தில் கிலோவாக வாக்குக் கொடுத்த சின்னக் கடை ஒரு மாதத்தில் மூடப்படும். ரூபாவாக வைத்துக்கொண்டார்கள். அதில் கட்டியவருக்கு ஏற்றத்தின் பாரம் இருக்கிறது. ஆனால் விலை இறங்கினால் அதன் பலனும் அவருக்கே.

இரண்டாம் மாதம் ஒரு வீட்டில் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. மாதம் பதினெட்டாம் தேதி, மீதி முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். காசு மாவுச் சாக்காகக் கடையில் கிடந்தது. அண்ணன் கைக்காசிலிருந்து கொடுத்தார், ஆனால் அன்றிரவு அவர் முகம் சரியில்லை. பழைய கொப்பி ஆபத்துக்கு உதவுகிற பணமாகவும் இருந்தது என்பதும், நாங்கள் அந்த வேலையைப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு 3,000த்திலும் 500 ரூபாவைத் தொடாமல் ஒரு டின்னில் வைக்கிறார். மாதக் கடைசியில் யாருக்கும் தேவைப்படாவிட்டால் அதையும் சாமானாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு வீட்டுக்கு 3,000 சேரும். ஒரு வீட்டுக்கு முழுதாகத் திருப்பிக் கொடுக்க அது போதும். இரண்டு வீட்டில் ஒரே மாதத்தில் கஷ்டம் வந்தால் போதாது. அந்த வரம்பை எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இன்னொரு வீடு வேறு விதமாகச் சறுக்கியது. வாயால் எதுவும் சொல்லவில்லை, கொப்பிதான் சொன்னது. அந்த வீட்டின் தேங்காய், கருவாடு, சவர்க்காரம் எல்லாம் திடீரென்று பாதியாகக் குறைந்தன. விசாரித்தால், முன்பணம் கட்டியதில் சம்பளக் காசு தட்டுப்பட்டு, பிள்ளையின் பஸ் காசுக்கும் பாடசாலைச் செலவுக்கும் போக மீதி இல்லாமல், கீழ் ரோட்டுக் கடையில் புதிதாக ஒரு கொப்பி திறந்திருந்தார்கள். இங்கே கடன் குறைந்தது, அங்கே ஏறியது. முன்பணக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் அந்த வீடு ஒழுங்காகக் கட்டுகிற வீடாகத்தான் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட சோதனையைச் செய்பவர்கள், தாங்கள் மாற்றிய இடத்தைவிட மாற்றாமல் விட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அந்த வீடு. அண்ணன் அவர்களைப் பழைய கொப்பிக்கே திருப்பிவிட்டார், சண்டை எதுவும் இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாதம் 3,000 ரூபாவை முன்னால் நகர்த்த முடிந்த வீட்டுக்கே இந்த ஏற்பாடு. வேலை நாள் குறைந்த வீடு, ஒரே ஆள் உழைக்கிற வீடு, ஓய்வுபெற்ற முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடு ஆகியவற்றுக்குப் பழைய கொப்பிதான் கடை. எல்லோரையும் முன்பணத்துக்கு மாற்றிவிட்டுக் கொப்பியை மூடிவிடலாம் என்று டவுனில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். சாண்டர்ஸ் அதைத்தான் செய்தார், கடனை நிறுத்தினார். மெம்பிஸில் கடன் வேண்டியவருக்குப் போக வேறு கடை இருந்தது. எங்கள் மேல் டிவிசனில் இருக்கிற கடை ஒன்றே ஒன்று.

ஐந்தாவது வாக்கியம் கடைசியாகப் புரண்டது. அதை அண்ணனும் நானும் திட்டமிடவில்லை. கடன் கொடுப்பவர்கள் தாங்கள் என்றானதும், "அப்ப கொப்பி எங்க வீட்டுலதானே இருக்கணும்" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகள் ஒரு பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, திகதி, மா, சீனி, மீதி என்று நான்கு பத்தி பிரித்துக் கொடுத்தாள். முன்பு மாதக் கடைசியில் அண்ணன் கூட்டிச் சொன்ன தொகைதான் தொகை, யாரும் சரி பார்த்ததில்லை. அவர் ஏமாற்றுவார் என்று யாரும் நினைத்ததும் இல்லை. மகள் கூட்டத் தொடங்கிய முதல் மாதத்தில் இரண்டு இடத்தில் பிழை வந்தது. ஒன்றில் வீட்டுக்கு நட்டம், மற்றதில் அண்ணனுக்கு நட்டம்.

இப்போது மாலையில் அந்த அக்கா வரும்போது கொழுந்துக் கூடைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய கொப்பி வெளியே வருகிறது. அதைத் தன் பக்கம் பார்க்க மேசையில் விரித்து வைக்கிறார். அண்ணன் பொட்டலத்தை நகர்த்திவிட்டு, தலைகீழாகவே படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.